கடைசி பஸ்ஸைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து இது இரண்டாம் ஆண்டு. பத்தாம் வகுப்பில் 14 பேர் காலாண்டில் 35க்குக் கீழே. மாலையில் கூடுதல் வகுப்பு வைக்கத் தலைமை ஆசிரியர் சரி என்றுவிட்டார். பாதிக்கு மேல் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். நேரம், எத்தனை நாள், எப்படி வீடு திரும்புவார்கள் என்பதையெல்லாம் பெற்றோருக்கு எப்படித் தெரிவிப்பது? மாதிரிக் கடிதம் இருந்தால் நல்லது.

மாதிரிக் கடிதம் கீழே தருகிறேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் வகுப்பு நேரத்தை முதலில் முடிவு செய்து, கடிதம் எழுதி, கடைசியில்தான் பஸ்ஸைப் பற்றி யோசிக்கிறார்கள். கிராமத்துப் பள்ளிகளில் கணக்கு நடத்தி, பிறகு தலைமை ஆசிரியராகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாலை வகுப்புகள் பாடத்தால் நின்றுபோவது குறைவு, வீடு திரும்பும் வழியால் நின்றுபோவதுதான் அதிகம். "உன் மகள் கணக்கில் 22 வாங்கியிருக்கிறாள்" என்பது அந்த அம்மாவுக்குப் புதுச் செய்தி இல்லை. அவர் கேட்பது "எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள், யாரோடு வருவாள்" என்பது மட்டும்தான். அதற்குப் பதில் உங்கள் கையில் இல்லாமல் கடிதம் அனுப்பினால் முதல் வாரம் 14 பேரும் இருப்பார்கள், மூன்றாம் வாரம் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள்.

காலாண்டு விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் பட்டியல் போட்டு, வகுப்பு தொடங்கும்போது அக்டோபர் பாதி ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும், பொழுது சீக்கிரம் சாய்வதும் அப்போதுதான். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மேகம் போட்டால் ஐந்தரைக்கே மங்கல். ஜூலையில் சாதாரணமாகத் தெரிகிற "ஆறு மணிக்கு வந்துவிடுவாள்" என்ற வாக்கியம் நவம்பரில் வேறு மாதிரிக் கேட்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு நேரத்தைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிடுங்கள்.

உங்கள் 14 பேரை உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். 5 பேர் உள்ளூர், நடந்து போகிறவர்கள். 6 பேர் டவுன் பஸ் போகிற ஊர். 3 பேர் அதே பஸ்ஸில் போய் மெயின் ரோட்டில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே தோட்டத்து வீடுகளுக்கு நடக்கிறவர்கள். பள்ளி 4:20க்கு விடுகிறது. வழக்கமான பஸ் 4:40க்கு, அடுத்தது 5:50க்கு என்று சொல்கிறார்கள். அந்த "சொல்கிறார்கள்" என்பதை நம்பாதீர்கள். ஒரு வாரம் மாலையில் நிறுத்தத்தில் நின்று, பஸ் உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளில் ஒரு நாள் அந்த டிரிப் வராமலே போகலாம். சந்தை நாளன்று ஏற இடமில்லாமலும் இருக்கலாம். கண்டக்டரிடம் பேசினால் இந்த விவரமெல்லாம் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும். "சார், பத்து நிமிஷம் தள்ளி எடுங்க" என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை, ஒரு டிரிப்போடு அடுத்த டிரிப் கோத்திருக்கும். நேரத்தை மாற்ற வேண்டுமானால் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு பணிமனைக் கிளை மேலாளருக்கு மனு கொடுக்க வேண்டும். அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடக்கும் என்று நம்பிக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

அந்த 5:50 பஸ் எந்த வகை என்பதையும் பாருங்கள். அரசு நகரப் பேருந்து என்றால் மாணவர் இலவசப் பயண அட்டை செல்லும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்கள் எல்லாருக்குமே இலவசம் என்பதால் மாணவிகளுக்குக் கவலை இல்லை. அதே நேரத்தில் வருவது தனியார் பஸ்ஸாக இருந்தால் கையில் காசு வேண்டும். திரும்பும் பயணத்துக்கு மட்டும்தான் என்றாலும் வாரத்தில் நான்கு நாள் டிக்கெட் என்பது கூலி வேலைக்குப் போகிற வீட்டில் சின்ன விஷயம் இல்லை. அதைப் பெற்றோர் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அரசு கொடுக்கும் சைக்கிளோ பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இல்லை.

இப்போது கணக்கு எளிது. 5:50 பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் 5:45க்கு நிற்க வேண்டும். நடை எட்டு நிமிடம். பையைக் கட்ட, தண்ணீர் குடிக்க, கழிப்பறை போய்வர ஐந்தாறு நிமிடம். அப்படியானால் வகுப்பு 5:30க்கு முடிந்தாக வேண்டும். ஐந்தரைக்கு ஒரு கணக்கைத் தொடங்கி "இதை மட்டும் முடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லும் ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. அதை விட்டுவிடுங்கள். 4:20க்கு விட்டதும் ஒரு கால் மணி நேரம் பிள்ளைகளுக்கு வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட வயிறு அது. பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமோ ஊரில் கொடுக்க மனமுள்ளவர்களிடமோ கேட்டால் சுண்டலோ வேர்க்கடலையோ கிடைக்கும். ஆக 4:35 முதல் 5:30 வரை, 55 நிமிடம். ஒரு மணி நேரம் சிறந்ததா, முக்கால் மணி நேரம் போதுமா என்று என்னைக் கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். களைத்த பிள்ளைக்குக் கடைசிப் பத்து நிமிடம் ஏறுவதில்லை என்பது என் எண்ணம். 5:30ஐத் தாண்டக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

எத்தனை நாள் என்பதற்கும் ஒரு முடிவுத் தேதி வேண்டும். "மறு அறிவிப்பு வரும் வரை" என்று எழுதினால் வீட்டில் அதை மார்ச் வரை என்று படிப்பார்கள், தயங்குவார்கள். அக்டோபர் நடுவிலிருந்து அரையாண்டு வரை ஏறக்குறைய எட்டு வாரம். வாரத்துக்கு நான்கு நாள் என்றால் 32 வகுப்பு. தீபாவளி, மழை விடுமுறை, நீங்கள் பயிற்சிக்குப் போகும் நாள் எல்லாம் கழித்து 24 வகுப்பு கிடைத்தால் நல்லது. அந்த 24க்குள் அடங்குவதை மட்டும் திட்டமிடுங்கள். இப்போதுள்ள வினாத்தாள் அமைப்பில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண், இரண்டும் சேர்த்து 16. ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எழுதலாம். ஒரு மதிப்பெண் வினா 14. 35க்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு முதலில் இந்த இரண்டு இடத்தில்தான் பிடி கிடைக்கும். வகுத்தலே தடுமாறுகிற பிள்ளை உங்கள் பட்டியலில் ஒன்றிரண்டு இருக்கும். அவர்களுக்கு 24 வகுப்பு போதாது, அதை மறைக்காதீர்கள். கடிதத்தில் "தேர்ச்சி பெறச் செய்வோம்" என்று உறுதி கொடுக்க வேண்டாம். எதை நடத்தப் போகிறோம் என்று சொன்னால் போதும்.

அந்த மூன்று தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள்தான் உண்மையான சிக்கல். பஸ் ஆறே காலுக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிடும், அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் இருட்டு. இங்கே மூன்று வழிதான் நான் பார்த்தவரை நடந்திருக்கின்றன. வீட்டிலிருந்து ஒருவர் வண்டியில் வந்து மூவரையும் மொத்தமாகக் கூட்டிப்போவது ஒன்று. இதற்கு மூன்று வீட்டையும் ஒன்றாகப் பேசவைத்து, யாருக்கு எந்தக் கிழமை என்று பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே வீட்டின் தலையில் விழும். தெரிந்த ஆட்டோக்காரரைப் பேசி வைப்பது இன்னொன்று. பணத்துக்கு ஏற்பாடு உறுதியானால் மட்டும் இதைத் தொடுங்கள், பாதியில் நின்றால் வகுப்பும் நிற்கும். மூன்றாவது, அவர்களுக்கு மாலை வகுப்பே வேண்டாம் என்று முடிவு செய்து காலையில் 8:20க்கு வரச்சொல்வது. காலை பஸ் அவர்களை எப்படியும் சீக்கிரம் கொண்டுவந்து இறக்கிவிடும், மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான். உங்களுக்கு அரை மணி நேரம் கூடுதல் வேலை, அவர்களுக்கு இருட்டு நடை இல்லை. நீங்களே உங்கள் பைக்கில் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம். நல்ல மனதோடு செய்தாலும் ஒரு விபத்து நடந்தால் பிள்ளைக்கும் தீங்கு, உங்களுக்கும் பதில் சொல்ல இடமில்லை. மாணவியாக இருந்தால் வேறு பேச்சும் வரும்.

பள்ளிக்குள்ளே செய்ய வேண்டிய ஏற்பாடும் பெற்றோரிடம் சொல்ல வேண்டியதுதான். மாணவிகள் இருக்கும்போது ஓர் ஆசிரியை கூட இருப்பது நல்லது. அவர் தன் பாடத்தை மாறி மாறி நடத்தலாம், நோட்டுத் திருத்திக்கொண்டும் இருக்கலாம். மாலையில் கழிப்பறையைப் பூட்டிவிட்டுப் போகிற பழக்கம் பல பள்ளிகளில் உண்டு, சாவி உங்களிடம் இருக்கட்டும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் ஒருவர் நிறுத்தம் வரை போய் பஸ் கிளம்பும் வரை நிற்க வேண்டும். பஸ் வராத நாளில் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 6:10 வரை பார்ப்பது, அப்புறம் ஊருக்கு ஒருவராகக் குறித்து வைத்திருக்கும் பெற்றோருக்குப் போன் செய்வது, அவர் மற்ற வீடுகளுக்குச் சொல்லி ஆள் அனுப்புவது, அதுவரை ஆசிரியர் பிள்ளைகளோடு பள்ளியில் இருப்பது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, சிலர் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால். 2009ஆம் ஆண்டின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பிள்ளையின் கற்றல் திறனை மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் பயிற்சி தருவதையும் பெற்றோரைக் கூட்டி முன்னேற்றத்தைச் சொல்வதையும் ஆசிரியரின் கடமையாக வைக்கிறது. 28ஆம் பிரிவு ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். பத்தாம் வகுப்பு மாலை வகுப்பு தலைமை ஆசிரியரின் அனுமதியிலும் துறை அவ்வப்போது அனுப்பும் அறிவுறுத்தலிலும் நடப்பது. அதனால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் உங்களுக்கு அவசியம். கட்டணம் இல்லை என்பதைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். கேட்காமலே அந்தச் சந்தேகம் எல்லார் மனதிலும் இருக்கும்.

சரி, கடிதம். இதை அப்படியே எடுத்து உங்கள் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் பிள்ளை ........... கணக்குப் பாடத்தில் இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுத்தால் நல்லது என்று நினைக்கிறோம். அதற்காக அக்டோபர் ......ஆம் தேதி திங்கட்கிழமை முதல் அரையாண்டுத் தேர்வு தொடங்கும் வரை, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நான்கு நாளும் மாலை 4:35 முதல் 5:30 வரை நம் பள்ளியிலேயே வகுப்பு நடக்கும். வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை, பிள்ளை வழக்கம்போல் வீட்டுக்கு வந்துவிடும். செய்முறை வடிவியல், வரைபடம், ஒரு மதிப்பெண் வினாக்கள் ஆகியவற்றை நடத்துகிறோம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் பஸ்ஸில் வரும் பிள்ளைகளை ஆசிரியர் நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்று 5:50 டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். உங்கள் ஊர் நிறுத்தத்தில் சுமார் 6:15க்கு இறங்குவார்கள். பயண அட்டை இந்தப் பஸ்ஸிலும் செல்லும். 6:30க்குள் பிள்ளை வீடு வராவிட்டால் உடனே ........... என்ற எண்ணுக்கு அழையுங்கள். பஸ் வராத நாளில் நாங்களே உங்களுக்குப் போன் செய்வோம், ஆள் வரும் வரை ஆசிரியர் பிள்ளைகளோடு இருப்பார். மழையால் வகுப்பு வைக்க முடியாவிட்டாலோ ஆசிரியர் வராவிட்டாலோ அன்று மாலை வகுப்பு இருக்காது, பிள்ளைகள் 4:40 பஸ்ஸிலேயே வருவார்கள். அன்று மதியத்துக்குள் தகவல் சொல்லிவிடுவோம்.

மாலையில் பிள்ளைக்கு வீட்டில் வேலை இருந்தாலோ, இந்த நேரம் ஒத்துவராவிட்டாலோ தயங்காமல் சொல்லுங்கள், காலை 8:20க்கு வகுப்பு வைக்கவும் முடியும். கீழே உள்ள சீட்டை நிரப்பி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்."

கீழே தலைமை ஆசிரியர், கணக்கு ஆசிரியர் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். அதற்கும் கீழே கிழித்துத் தரும் சீட்டு. அதில் "சம்மதம்" என்று ஒரே ஒரு வரி வைத்தால் கையெழுத்து வரும், விவரம் வராது. மாலை வகுப்பா காலை வகுப்பா, பிள்ளை எப்படித் திரும்பும் (நடந்து, பஸ், ஆள் வந்து கூட்டிப்போவது), மாலை ஆறரைக்கு வீட்டில் இருப்பவர் யார், அவர் போன் எண் என்ன என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவேட்டில் இருப்பது அப்பாவின் எண், அப்பாவோ திருப்பூரில் வேலையில் இருப்பார். அவசரத்துக்கு உதவுவது பாட்டியின் பட்டன் போன்தான்.

கடிதத்தில் இல்லாதவற்றையும் கவனித்திருப்பீர்கள். மதிப்பெண் இல்லை, "மெல்லக் கற்போர்" என்ற சொல் இல்லை. அது நம் பதிவேட்டுக்கான சொல், அதை ஒரு தாளில் அச்சடித்து வீட்டுக்கு அனுப்பினால் அந்தத் தாள் வீடு போய்ச் சேராது. பிள்ளை வழியிலேயே கிழித்துப்போடும், பதினைந்து வயது அப்படித்தான். அதே காரணத்தால் 14 பேர் பட்டியலை வகுப்பு வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளும் உண்டு. தாளை அனுப்பிவிட்டு இரவு எட்டு மணி வாக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுங்கள். "அம்மா, நான் பாப்பாவோட கணக்கு வாத்தியார் பேசறேன். திங்கக்கிழமையிலருந்து அஞ்சு அம்பது பஸ்ஸுக்குத்தான் வருவா, நானே பஸ் ஏத்திவிடறேன்" என்று சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சு. நூறு நாள் வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள் பகலில் போன் எடுக்க மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அந்த வாரம் இருந்தால் அங்கேயும் பொதுவாகச் சொல்லுங்கள், பெயர்கள் வேண்டாம்.

தொடங்கியபின், வருகைப் பதிவை ஊர் வாரியாக எழுதுங்கள், மதிப்பெண் வரிசையில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் காரணம் தானாகத் தெரியும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் மொத்தமாக வராமல் நின்றால் பஸ் பிரச்சினை அல்லது வழியில் யாரோ தொந்தரவு. ஒரு குறிப்பிட்ட கிழமையில் மட்டும் நின்றால் சந்தையோ வீட்டு வேலையோ. அங்கங்கே ஒருவர் நின்றால் வகுப்பு புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், அது உங்களைப் பற்றியது. வழியில் தொந்தரவு என்று ஒரு மாணவி சொன்னால் அதை வகுப்பு விஷயமாக நினைக்காதீர்கள். அன்றே தலைமை ஆசிரியரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் வகுப்பறைச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

நான் சொன்னதெல்லாம் அரசுப் பள்ளி, அரசு பஸ் உள்ள ஊருக்கு. தனியார் பள்ளி வேன் என்றால் இரண்டாவது டிரிப்புக்கு டீசலும் ஓட்டுநர் நேரமும் யார் பொறுப்பு என்பதிலிருந்து கணக்கு வேறு. மலைக் கிராமம் என்றால் மாலை வகுப்பையே யோசிக்க மாட்டேன், மதிய உணவு இடைவேளையில் 25 நிமிடம் எடுத்துக்கொள்வேன். மாலை வகுப்பால் மட்டும் மதிப்பெண் ஏறியது என்றும் பிரித்துச் சொல்வது கடினம். அரையாண்டு நெருங்கும்போது பயத்தில் தானாகப் படிக்கிற பிள்ளையும் அந்த 14இல் உண்டு.

அரையாண்டுத் தாளைத் திருத்தியதும் இரண்டாவது கடிதம் ஒன்று போக வேண்டும். முதல் கடிதத்தில் சொன்ன முடிவுத் தேதி வந்துவிட்டது, வகுப்பு முடிந்தது என்று அதில் எழுதுங்கள். ஜனவரியில் தொடர வேண்டிய பிள்ளைகளுக்கு மட்டும் புது நேரம், புதுச் சீட்டு. அதற்குள் பஸ் நேரம் மாறியிருக்கலாம், ஆகவே மறுபடி ஒரு வாரம் நிறுத்தத்தில் போய் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.